நாலு வயதுக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது என்ன நடக்கும், எப்படித் தயார் செய்வது?

“என் மகளுக்கு நாலு வயது. வெளிறிப்போய் இருக்கிறாள், சாக்பீஸ் தின்கிறாள் என்று சொன்னதும் டாக்டர் சிபிசி, ஃபெரிட்டின் இரண்டும் எழுதிக் கொடுத்தார். போன வருஷம் காய்ச்சலில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். அதிலிருந்து லேப் வாசலைக் கண்டாலே அலறுகிறாள். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விடலாமா? விரலில் குத்தி எடுத்தால் போதாதா? உள்ளே என்னதான் நடக்கும்?”

சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். விரலில் குத்துவது உங்களுக்கு எழுதியிருக்கும் டெஸ்டுகளுக்கு அவ்வளவாகச் சரிவராது. நான் லேப் டெக்னீஷியன். 18 வருஷமாக ரத்தம் எடுக்கிறேன், அதில் 9 வருஷம் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் சாம்பிள் அறையில். இந்த டெஸ்ட் தேவையா, மருந்து எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது, அதில் நான் கைவைக்க மாட்டேன். ஊசி, கை, குழந்தை, மடியில் வைத்திருக்கும் அம்மா, இது எனக்குத் தெரிந்த இடம்.

முதலில் அளவைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் மகள் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதில் கிலோவுக்கு ஏறக்குறைய 75 மில்லி ரத்தம் இருக்கும். அப்படியென்றால் உடம்பில் ஓடுவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சிபிசிக்கு ஊதா மூடி போட்ட ட்யூபில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லி, உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினுக்கு மஞ்சள் அல்லது சிவப்பு மூடி ட்யூபில் இரண்டு மில்லி எடுப்போம். மொத்தமும் சேர்த்து ஒரு டீஸ்பூன் நிறையாது. “ஏற்கெனவே உடம்பில் ரத்தமே இல்லை என்கிறார்கள், இதையும் உறிஞ்சினால் பிள்ளை தாங்குமா?” என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ரத்தசோகை உள்ள குழந்தைக்கும் இந்த நாலு மில்லியால் சோர்வோ மயக்கமோ வருவதில்லை.

இப்போது விரல். விரல் நுனியில் குத்தினால் வருவது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு போதும், அதனால் அது எளிதாக முடிகிறது. சிபிசி மட்டும் என்றால்கூட, குழந்தைகளுக்கென்று இருக்கும் குட்டி ட்யூபில் அரை மில்லி பிடித்துச் செய்துவிடலாம். ஃபெரிட்டினுக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் அந்தச் சின்ன விரலை நிமிடக்கணக்கில் பிழிய வேண்டியிருக்கும். பிழியப் பிழிய ரத்த அணுக்கள் உடையும், தசையில் ஊறியிருக்கும் நீர் கலக்கும், மெதுவாக வருவதால் ட்யூபுக்குள் போகும் முன்பே உறைய ஆரம்பிக்கும். உறைந்த சாம்பிளில் தட்டணுக்கள் குறைவாகக் காட்டும். அப்புறம் “சாம்பிள் கிளாட் ஆகிவிட்டது, மறுபடி வாருங்கள்” என்று எங்களிடமிருந்து போன் வரும். வலியும் குறைவு என்று சொல்ல முடியாது. விரல் நுனியில் உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. குழந்தை அழுவது பெரும்பாலும் குத்துக்கு இல்லை, குத்தியபின் நடக்கும் பிழிதலுக்குத்தான். பழகிய கை என்றால் முழங்கை மடிப்பில் ஒரே குத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நாலு பேர் அமுக்கிப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் எடுத்தேன். நான் அப்போது இருந்த இடத்தில் அதுதான் வழக்கம். குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் தோளை, ஒருவர் காலை, ஒருவர் கையைப் பிடிக்க, அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவோம். ஒரு நாள் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு அப்படி எடுத்து முடித்தோம். பஞ்சு வைக்கக் கையைத் தொட்டால், ஊசி குத்திய கையை அவள் எனக்குக் கொடுத்துவிட்டாள், இன்னொரு கையால் கதவுப் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தாள். கையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான் கவலை. அதற்குப் பிறகு வாய்ப்பு இருக்கும் இடத்திலெல்லாம் மடியில் வைத்துத்தான் எடுக்கிறேன்.

மல்லாக்கப் படுக்க வைத்து நாலு முகங்கள் மேலே குனிந்தால் யாருக்குமே தப்பிக்கத் தோன்றும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தை அவ்வளவு கலங்குவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆய்வுகளிலும் இதே முடிவு வந்திருக்கிறது. மடியில் வைப்பது என்றால் சும்மா உட்கார வைப்பது இல்லை. குழந்தையை உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி, கட்டிப்பிடிக்கிற மாதிரி, கால்கள் இரண்டும் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி உட்கார வையுங்கள். ஒரு கை உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும். ரத்தம் எடுக்கும் கை உங்கள் அக்குளுக்கு அடியில் நுழைந்து எங்கள் பக்கம் நீளும். உங்கள் ஒரு கை அவள் முதுகை அணைத்திருக்கும், மற்றதால் அந்தக் கையின் மேல் பகுதியைப் பிடித்துக்கொள்வீர்கள். முழங்கையும் மணிக்கட்டும் அசையாமல் பார்த்துக்கொள்வது எங்களில் ஒருவர் வேலை. இப்படி உட்கார்ந்தால் அவளுக்கு ஊசி தெரியாது, நீங்கள் தெரிவீர்கள். அவளைப் பிடித்திருப்பது அவளுக்கு அணைப்பாகத்தான் தெரியும். உண்மையில் அமுக்கிப் பிடித்ததைவிட இதில் கை உறுதியாகவும் நிற்கும்.

போவதற்கு முன்பே லேபுக்குப் போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். மடியில் வைத்து எடுப்பீர்களா, சின்னக் குழந்தைகளுக்கு வழக்கமாக எடுக்கிறவர் எந்த நேரம் இருப்பார்? பெரிய லேப் என்பதால் குழந்தைக்கு நன்றாக எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே ஆள் தினமும் பத்துக் குழந்தைக்கு எடுக்கும் சின்ன இடம் அதைவிட மேல். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வெறும் வயிற்றுக்காரர்கள் கூட்டம் நெருக்கும். உங்கள் மகளுக்கு எழுதியிருக்கும் இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. ஆகையால் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்தரை மணிக்குப் போங்கள். பசியோடு இருக்கும் குழந்தையை எந்த விளையாட்டும் சமாதானப்படுத்தாது. வேறு ஏதாவது டெஸ்டும் கூட எழுதியிருந்தால் மட்டும் வெறும் வயிறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் தாராளமாகக் கொடுங்கள். காலையிலிருந்து தண்ணீர் குடித்த குழந்தையின் நரம்பு விரலுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பேச்சில் வெயின் என்போம். கை சில்லென்று இருந்தால் அது சுருங்கி உள்ளே ஒளிந்துகொள்ளும். லேபில் ஏசி ஓடும், முழுக்கைச் சட்டை போட்டு, உள்ளே போகும் முன் கையை உங்கள் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கை சுலபமாகச் சுருட்டுகிற சட்டையாக இருக்கட்டும்.

அவளுக்கு இப்போது சளியோ காய்ச்சலோ இருந்தால் போகும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். இரும்புச்சத்து உண்மையில் குறைவாக இருக்கும் குழந்தைக்கும் அந்த நாளில் சரியான அளவு போலக் காட்டிவிடலாம். அவ்வளவு பாடுபட்டு எடுத்த ரத்தம் தவறான நிம்மதியைக் கொடுத்துவிடக் கூடாது. தள்ளிப்போடலாமா, தொற்று, அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பியும் சேர்த்துப் பார்க்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

மரப்பு க்ரீம் பற்றியும் அதே டாக்டரிடம் கேளுங்கள். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் கலந்தது, மருந்துக்கடையில் கிடைக்கும். முழங்கை மடிப்பில் கெட்டியாகப் பூசி மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் தோல் மரத்துவிடும். முன்பே பயந்துபோன குழந்தைக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், லேப் வாசலில் வைத்துப் பூசினால் பயனில்லை. இரண்டு கையிலும் பூசச் சொல்வேன், ஒன்றில் வெயின் கிடைக்காவிட்டால் மற்றது இருக்கும். அப்படி இரண்டு இடத்தில் பூசுவதற்கு மொத்த அளவு எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாகக் கூட்ட வேண்டாம். க்ரீமை எடுத்தபின் தோல் வெளுத்து வெயின் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். ஐந்து பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த க்ரீம் ஆகாமல் போகலாம், அதனால்தான் டாக்டரிடம் கேளுங்கள் என்று இத்தனை முறை சொல்கிறேன்.

சரி, எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? நாலு வயதுக்கு அன்று காலையோ முந்தின நாள் சாயங்காலமோ போதும் என்பது என் அனுபவம். இதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. மூன்று நாள் முன்பே சொன்னால் மூன்று நாளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு. பல தடவை கேட்டுக் கேட்டுத் தெளிந்துகொள்ளும் குழந்தைகளும் உண்டு. உங்கள் மகள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வயதுக் குழந்தைக்குப் போகும் வழியில் சொன்னால் போதும், எட்டு வயதுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லலாம். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போவதில் ஒரே ஒரு தடவைதான் லாபம். பூங்காவுக்குப் போகலாம் என்று சொல்லி லேபில் வண்டியை நிறுத்தினால், அடுத்த தடவை பூங்காவுக்குக் கூப்பிட்டாலும் அழுவாள். இரும்புச்சத்து மருந்து ஆரம்பித்தால் சில வாரங்களில் மறுபடி ஒரு டெஸ்ட் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

“வலிக்கவே வலிக்காது” என்று சொல்லாதீர்கள். வலிக்கும், அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். “ரத்தம் எடுக்கப் போறாங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம். இந்த வயதில் நிறையக் குழந்தைகள் உடம்பை ஒரு பலூன் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், ஓட்டை போட்டால் எல்லாம் வெளியே கொட்டிவிடும் என்று. ஒரு சின்ன பேண்ட்-எய்டுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அதனால்தான், அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது என்று அதுதான் அவர்களுக்குச் சொல்கிறது. அம்மாக்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வார்த்தைகள் ஏறக்குறைய இவை. “உன் உடம்புக்குள்ளே சிவப்பாத் தண்ணி ஓடுதுல்ல, அது நிறைய இருக்கு. நீ ஏன் சீக்கிரம் களைச்சுப் போறேன்னு பாக்கறதுக்கு அதுல ஒரு ஸ்பூன்கூட இல்ல, கொஞ்சூண்டு எடுப்பாங்க. கையில ரப்பர் பட்டை இறுக்கமாக் கட்டுவாங்க. ஜில்லுன்னு தொடைப்பாங்க. அப்புறம் சுருக்குன்னு ஒண்ணு இருக்கும், நீ மூணு வரைக்கும் எண்றதுக்குள்ள அது கொறஞ்சிரும். அம்மா உன்னைக் கட்டிப்பிடிச்சுட்டே இருப்பேன். அழணும்னா அழலாம். கையை மட்டும் சிலை மாதிரி வச்சுக்கணும், அது உன் வேலை.” கடைசி இரண்டு வரிதான் இதில் முக்கியம். அழக் கூடாது என்று சொன்னால் அவளால் முடியாத வேலையைக் கொடுக்கிறோம். கையை வைத்துக்கொள்வது முடிகிற வேலை.

முந்தின நாள் பொம்மைக்கு ரத்தம் எடுத்து விளையாடுங்கள். தலைமுடி கட்டும் ரப்பர் பேண்டைப் பொம்மைக் கையில் மாட்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, மூடிய பேனாவால் தொட்டு, பேண்ட்-எய்டு ஒட்டி, பொம்மையை அவள் மடியில் வைத்துக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அவளே டெக்னீஷியன் ஆகட்டும். அவள் பொம்மையிடம் என்ன சொல்கிறாள் என்று கவனித்தால் அவளுக்கு எது பயம் என்று வெளியே வந்துவிடும்.

வீட்டில் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். “சாப்பிடலைன்னா ஊசி போடச் சொல்லிருவேன்” என்ற பேச்சு அடியோடு வேண்டாம். இது நம் வீடுகளில் அன்பாகவே சொல்லப்படுவது, எங்கள் அறையில் காத்திருக்கும் தாத்தாக்கள்கூட என்னைக் காட்டிச் சொல்வார்கள். ஊசி என்பது தண்டனை என்று வருஷம் முழுவதும் கேட்ட குழந்தை, ஊசியோடு வரும் என்னைப் பார்த்ததும் தான் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் யோசிக்கும். ஒரு பையன் உட்கார்ந்ததும் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை, “நான் பாலை முழுசாக் குடிச்சுட்டேன்.”

உள்ளே என்ன நடக்கும் என்பதை அந்தப் பையனை வைத்தே சொல்கிறேன். உங்கள் மகளைப் போலவே நாலு வயது, அதே இரண்டு டெஸ்ட், முன்பு ஒரு தடவை அமுக்கிப் பிடித்து எடுத்த அனுபவம். பால் குடித்ததற்கு நன்றாகப் பதில் சொல்லிவிட்டு, நீ தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன். பேரையும் வயதையும் அம்மாவிடம் கேட்டுச் சீட்டோடு ஒப்பிட்டேன். பிறகு அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்கார்ந்தான். சுவரில் மீன் படம் ஒட்டியிருக்கிறோம், அது அவன் பார்வைக்கு நேரே வரும்படி நாற்காலியைத் திருப்பினேன். எந்தக் கை வேண்டும் என்று அவனையே கேட்டேன். எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கக் கூடாது, வேண்டாம் என்றால் என்ன செய்வோம்? எந்தக் கை, எந்தக் கலர் பேண்ட்-எய்டு, இவை உண்மையான கேள்விகள். அவன் இடது கையைக் கொடுத்தான்.

பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலால் தடவினேன். இந்த வயதில் வெயினைக் கண்ணால் தேடினால் ஏமாந்துபோவோம். மேலே நீலமாகத் தெரிவது சில நேரம் நூல் மாதிரி மெல்லியது. அமுக்கினால் உள்ளே போய்ப் பந்து மாதிரி எழும்பி வருவதுதான் சரியானது. வலது கையில் எனக்கு அது தெளிவாகக் கிடைத்தது, இடது கையில் இல்லை. அவனிடம் அதையே சொன்னேன், “இந்தக் கைக்குள்ளே ஒளிஞ்சிருக்கு, அந்தக் கையில வெளிய வந்து நிக்குது, மாத்திக்கலாமா?” மாற்றிக்கொண்டான். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது என்பதால், தேடி முடித்துக் கழற்றிவிட்டு, எல்லாம் தயாரான பின் மறுபடி கட்டினேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை காத்திருந்தேன். ஈரத்தோடு குத்தினால் அந்த ஸ்பிரிட்டே எரியும். அவசரத்தில் பலரும் விடும் தவறு இது, நீங்கள் அருகில் இருந்தால் “காயட்டுமே” என்று சொல்லலாம்.

குழந்தைகளுக்கு நாங்கள் பயன்படுத்துவது பட்டர்ஃப்ளை ஊசி. இரண்டு பக்கமும் சின்னச் சிறகு, பின்னால் நீளமாக மெல்லிய குழாய். சிறகைப் பிடித்துக் குத்தினால் கை கொஞ்சம் அசைந்தாலும் குழாய் அசைவைத் தாங்கிக்கொள்ளும். உறையை உங்கள் முன்னால் பிரிப்போம், பிரிக்காவிட்டால் கேளுங்கள். ஊசி வெயினுக்குள் போனதும் குழாயில் ஒரு சிவப்புக் கோடு ஓடி வரும். அது வந்துவிட்டால் வலியின் பெரிய பங்கு முடிந்துவிட்டது, மீதி நேரம் நிரம்புவதற்குத்தான். அவன் அம்மா அந்த நேரம் அவன் காதில், “அந்த ஆரஞ்சு மீன் யாரைப் பாக்குது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி போனபோது “ஆ” என்று கத்தினான், இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது, கை அசையவில்லை. இரண்டு ட்யூபும் நிரம்ப முப்பது நொடிக்குக் கொஞ்சம் கூட ஆனது. பட்டையை முதலில் அவிழ்த்துவிட்டு ஊசியை எடுத்தேன். ஊதா ட்யூபைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினேன், ரத்தத்தை உறையவிடாமல் தடுக்க உள்ளே இருக்கும் மருந்து கலக்க வேண்டும். அவன் கண் முன்னாலேயே ட்யூபில் பேர் எழுதினேன். பேர் எழுதாத ட்யூப் அந்த மேசையை விட்டு நகரக் கூடாது, இதையும் நீங்கள் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

மீன் கேள்வி தற்செயல் இல்லை. ஊசி போகும் நேரம் அம்மாக்கள் இயல்பாகச் சொல்வது, “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, முடிஞ்சுது, சாரிடா செல்லம்.” ஆறுதலாகத்தான் சொல்கிறோம், ஆனால் அந்தக் குரலில் குழந்தைக்குக் கேட்பது “ஏதோ பெரிய விஷயம்” என்பதுதான். இப்படித் திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லும்போது கலக்கம் கூடுவதையும், வேறு விஷயம் பேசும்போது குறைவதையும் ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் பேச்சை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு வாருங்கள். சோப்பு நுரை ஊதுவது மிக நல்லது, ஊதுவதற்கு மூச்சை நீளமாக விட வேண்டும், அப்போது உடம்பு தானாகத் தளரும். போனில் பாட்டு என்றால் அவளுக்கு மிகப் பிடித்தது, வீட்டில் ஒரு நாள் காட்டாமல் வைத்திருந்தது. பட்டை கட்டும் முன்பே ஓட விடுங்கள், அழ ஆரம்பித்தபின் நீட்டினால் தட்டிவிடுவாள். கைக்குழந்தையாக இருந்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கச் சொல்வேன், அதற்கு நிகர் வேறு இல்லை. இரண்டு மூன்று நிமிடம் முன்பே குடிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நாலு வயதுக்கு வாயில் மிட்டாய் வேண்டாம், அழும்போது தொண்டைக்குள் போய்விடும்.

இனி தவறிப்போகும் இடங்கள். வெயின் கிடைக்காமல் போவது நல்ல டெக்னீஷியனுக்கும் நடக்கும். ஊசியை உள்ளே வைத்துக்கொண்டே இங்கும் அங்கும் துழாவுவதுதான் குழந்தைக்கு மிகவும் வலிப்பது. இரண்டு குத்து முடிந்தும் வராவிட்டால், “வேறு யாராவது பார்க்கிறார்களா, இல்லை இன்னொரு நாள் வரட்டுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் மகளின் டெஸ்ட் இன்றே ஆக வேண்டியது இல்லை. அவள் துள்ளித் திமிறினால் நிறுத்திவிட்டு, க்ரீம் பூசி அடுத்த வாரம் வருவது தோல்வி ஆகாது. டெங்கு காய்ச்சலில் தட்டணு பார்க்க வேண்டும், குழந்தை துவண்டுகிடக்கிறது என்றால் கதை வேறு. அப்போது அழுதாலும் பிடித்து, வேகமாக எடுத்தாக வேண்டும். போன வருஷம் உங்களுக்கு நடந்ததும் அந்த வகையாக இருந்திருக்கலாம். அப்போதும் அம்மா அருகில் இருக்க முடியும் என்பது மட்டும் என் கருத்து.

இன்னொன்று, அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரித்து மயங்கும் பழக்கம் அவளுக்கு இருந்தால் எங்களிடம் முன்பே சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்த குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். அப்படி ஆனால் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுக் காத்திருப்போம், வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பும். உலுக்கவோ வாயில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருந்தாலும், சின்ன இடிக்கே அவளுக்குப் பெரிய கன்றல் வந்தாலும் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தைக் கண்டால் உங்களுக்கே தலை சுற்றும் என்றால் அப்பாவோ சித்தியோ மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

ஊசி எடுத்ததும் உலர்ந்த பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கையை நீட்டியபடியே வைத்து அழுத்த வேண்டும். முழங்கையை மடக்கி வைக்கச் சொல்வது பழைய வழக்கம், மடக்கினால் உள்ளே கசிந்து கன்றிப்போக வாய்ப்பு கூடும். தேய்க்கவும் வேண்டாம். அப்படியும் காசு அளவு நீலம் வந்தால் பயப்பட வேண்டாம், பச்சையாகி மஞ்சளாகி ஒரு வாரம் பத்து நாளில் மறையும். வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ, பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பாராட்டும்போது “அழவே இல்லையே” என்று சொல்லாதீர்கள், அழுதிருந்தால் அது அவளுக்குப் பொருந்தாது. “கையைச் சிலை மாதிரி வச்சிருந்தே” என்று அவள் உண்மையில் செய்ததைச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் வெள்ளையணு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பதறாதீர்கள். நன்றாக அழுத குழந்தைக்கு அது தற்காலிகமாக ஏறும், டாக்டருக்கு அது தெரியும், “ரொம்ப அழுதாள்” என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பீர்கள், இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. அழுகையால் அது மாறாது.

வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் எந்தக் கை, எந்த இடம், எத்தனை குத்தில் கிடைத்தது, எந்த விளையாட்டுக்கு அமைதியானாள் என்று எழுதி வையுங்கள். மருந்து கொடுத்தபின் மறுபடி ரத்தம் பார்க்க வரும்போது, குழந்தையை மடியில் உட்கார வைக்கும் முன் அந்த உறையை எங்கள் கையில் கொடுங்கள்.